படத்தில் இருக்கும் முகம் என்ன சொல்கிறது?

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மருத்துவம் சம்பந்தமாக ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டபோது, நீரிழிவைப் பற்றியோ குருதியழுத்தத்தைப் பற்றியோ பேசுவதாகத்தான் இருந்தேன். ஆனால் இந்த மலருக்காகப் பழைய படங்களைச் சேர்க்கத் தொடங்கியபோது எங்கள் வகுப்புத் தோழிகளுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. அது என் தொழிலோடும் தொடர்புடையது என்பதால் அதையே இன்று பேசுகிறேன்.

1997ஆம் ஆண்டு எங்கள் உயர்தர வகுப்பில் எடுத்த படம் அது. விளையாட்டுத் திடலின் ஓரத்தில், வேப்பமரத்துக்குப் பக்கத்தில், மூன்று வரிசையாக நிற்கிறோம். ஆசிரியைகள் முன்னால் கதிரைகளில் இருக்கிறார்கள். நடு வரிசையில் வலப்பக்க ஓரத்தில் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் நிற்கிறாள். அவளுடைய பெயரை நான் சொல்லப்போவதில்லை. இதைப் பற்றிப் பேச அவளிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். இன்று அவள் வேறு நாட்டில் வசிக்கிறாள்.

படத்தை எங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்டதும் முதலில் வந்த பேச்சே அவளைப் பற்றித்தான். “அண்டைக்கும் ஆரோடையோ கோவம்” என்றாள் ஒருத்தி. “கோவமில்லை, தலைக்கனம்” என்றாள் இன்னொருத்தி. “பாவம், கவலையாய் நிக்கிறாள்” என்றாள் மூன்றாமவள். அவளோடு ஒரே வாங்கில் இருந்த நான்காமவள், “அவள் எப்பவும் அப்படித்தானே” என்று முடித்துவிட்டாள். ஒரே முகத்துக்கு நான்கு விடைகள். நால்வருக்கும் தங்கள் விடையில் எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தக் காலத்தில் நானும் தலைக்கனம் என்ற கட்சியில்தான் இருந்தேன்.

இப்படியான ஒரு கேள்வி வரும்போது நாங்கள் மருத்துவத்தில் பழகிய முறை ஒன்று உண்டு. நோயின் பெயரைச் சொல்வதற்கு முன்னர் கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும். “இவருக்கு நிமோனியா” என்று சொல்லும் மாணவனைப் பேராசிரியர் நிறுத்தி, “நீர் கண்டது என்ன? அதை முதலில் சொல்லும்” என்பார். அந்த முகத்தில் கண்டது என்ன? புருவங்கள் கீழிறங்கி நடுப்பக்கமாக நெருங்கியிருக்கின்றன. அவற்றுக்கிடையே இரண்டு சிறிய நிலைக்குத்தான மடிப்புகள். கண்ணிமைகள் ஒடுங்கியிருக்கின்றன. உதடுகள் மூடியிருக்கின்றன. அவ்வளவுதான். கோபம், கர்வம், கவலை ஆகிய மூன்று சொற்களும் படத்தில் இல்லை. அவை நாங்கள் கொண்டுவந்து ஒட்டிய சொற்கள்.

முகங்களை ஆராய்பவர்களும் இந்த வேறுபாட்டைக் கவனமாகப் பேணுகிறார்கள். அமெரிக்க உளவியலாளர்களான போல் எக்மனும் வொலஸ் பிரீசனும் 1978இல் முக அசைவுகளைக் குறிப்பதற்கான ஒரு முறையை வெளியிட்டார்கள். அதில் ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் இலக்கம் உண்டு. புருவம் இறங்குவது 4, கன்னம் உயர்ந்து கண்ணோரம் சுருங்குவது 6, வாயோரங்கள் மேலே இழுபடுவது 12. உணர்ச்சிகளுக்கு அங்கே இலக்கம் இல்லை. எங்கள் தோழியின் முகத்தில் 4 இருக்கிறது என்று பயிற்சி பெற்ற இருவர் ஒரே மாதிரிச் சொல்லக்கூடும். அந்த 4 ஏன் வந்தது என்பது வேறு கேள்வி.

இதை ஒரு காய்ச்சலைக் கொண்டு விளக்கலாம். டெங்கு வந்தால் காய்ச்சல் வரும். ஆனால் காய்ச்சலோடு வரும் எல்லோரையும் டெங்கு விடுதிக்கு அனுப்ப முடியாது. காய்ச்சலுக்கு நூறு காரணங்கள். அதேபோல, கோபம் வந்தால் புருவம் சுருங்கலாம். அதற்காகச் சுருங்கிய புருவமெல்லாம் கோபம் ஆகிவிடாது. டெங்கு உதாரணத்தைவிட முகத்தின் நிலைமை இன்னும் மோசம். 2019இல் லிசா பெல்ட்மன் பரற் என்ற உளவியலாளரும், இந்தத் துறையில் ஒன்றுக்கொன்று மாறுபட்ட கருத்துள்ள வேறு சில ஆய்வாளர்களும் சேர்ந்து, அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கோபப்படும் மனிதர்கள் நாம் எதிர்பார்க்கும் அந்தச் சுளித்த முகத்தைக் காட்டுவது சராசரியாக நூற்றுக்கு முப்பது தடவை அளவில்தான் என்று கண்டார்கள். மீதித் தடவைகளில் கோபக்காரர் மௌனமாக இருக்கிறார், சிரிக்கிறார், அழவும் செய்கிறார். மறுபக்கமாக, கோபமே இல்லாதவரும் முகம் சுளிக்கிறார். கணக்குச் செய்யும்போது, காது கேளாமல் உற்றுக் கேட்கும்போது, வயிறு வலிக்கும்போது புருவம் சுருங்கும்.

அப்படியானால் ஏன் எங்கள் நால்வருக்கும் அவ்வளவு நிச்சயம்? இதற்கு விடை 150 வருடங்களுக்கு முன்னரே ஒருவர் தந்திருக்கிறார்.

பிரான்சில் டுஷேன் என்ற மருத்துவர், முகத்தில் தொடுகை உணர்வு குறைந்த ஒரு முதியவரின் தசைகளை மின்னோட்டத்தால் ஒவ்வொன்றாகத் தூண்டி, அந்தக் கோலங்களைப் புகைப்படமாக எடுத்து 1862இல் நூலாக வெளியிட்டார். இது பயம், இது வேதனை என்று ஒவ்வொரு படத்துக்கும் அவர் விளக்கம் எழுதினார். அந்தப் படங்களைப் பார்த்தவர்களுள் சாள்ஸ் டார்வினும் ஒருவர். விளக்கத்தையும் சேர்த்து வாசித்தபோது, ஒரு சிலவற்றைத் தவிர எல்லாமே மிகப் பொருத்தம் என்று அவருக்குத் தோன்றியது. பின்னர் அவர் ஒரு நல்ல வேலை செய்தார். சிறந்த படங்கள் சிலவற்றை எடுத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல், இருபதுக்கும் மேற்பட்ட படித்தவர்களிடம் காட்டி, இந்த முதியவர் என்ன உணர்கிறார் என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களை அப்படியே எழுதிக்கொண்டார். சில படங்களை ஏறக்குறைய எல்லோரும் உடனே இனங்கண்டார்கள். வேறு சிலவற்றுக்கு ஒன்றோடொன்று சற்றும் பொருந்தாத விடைகள் வந்தன. 1872இல் வெளியான தம் நூலில், விளக்கத்தை வாசிக்காமல் பார்த்திருந்தால் தானும் சில படங்களில் மற்றவர்களைப் போலவே தடுமாறியிருப்பேன் என்று டார்வின் ஒப்புக்கொள்கிறார்.

எங்கள் வகுப்புப் படத்துக்குக் கீழே அப்படி எதுவும் அச்சிடப்பட்டிருக்கவில்லை. ஆனால் அந்த விளக்கத்தை நாங்கள் மனத்தில் எழுதி வைத்திருந்தோம். அவளோடு மனத்தாங்கல் இருந்தவள் கோபத்தைக் கண்டாள். அவளுடைய வீட்டு நிலைமை தெரிந்தவள் கவலையைக் கண்டாள். அவள் எப்போதும் என்னைவிட அதிக புள்ளி எடுத்தாள், நான் தலைக்கனத்தைக் கண்டேன்.

இனி, அந்தப் படத்தை ஒரு நோயாளியைப் பார்ப்பது போல முறையாகப் பார்க்கலாம் என்று நினைத்தேன். எங்கள் வகுப்பில் ஒருத்தி பாதுகாத்து வைத்திருந்த மூலப் பிரதியை வாங்கி, பெரிய அளவில் ஸ்கான் செய்து, கணினித் திரையில் பகுதி பகுதியாகப் பார்த்தேன்.

முதலில் வெளிச்சம். படம் முற்பகலில் எடுக்கப்பட்டது. படப்பிடிப்பாளர் சூரியனைத் தம் முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டு எங்களை அதை நோக்கி நிறுத்தியிருந்தார். மூக்குகளுக்குக் கீழே விழுந்திருக்கும் கறுத்த நிழலைப் பார்த்தால் இது தெரியும். வேம்பின் நிழல் இடப்பக்கத்தில் நின்ற பிள்ளைகளை மூடியிருக்கிறது. அதன் விளிம்பு வலப்பக்கமாக மூன்றாமவளின் தோளில் முடிகிறது. அந்த விளிம்புக்கு அப்பால் வெயிலில் நிற்பவர்கள், மூன்று வரிசையிலும் சேர்த்து, ஏழு பேர். ஏழு பேரின் புருவமும் இறங்கியிருக்கிறது. ஆறு பேர் புருவத்தைச் சுருக்கியபடியே சிரிக்கிறார்கள், அதனால் அவர்களின் புருவத்தை நாங்கள் கவனிக்கவில்லை. சிரிக்காதவள் இவள் ஒருத்தி, அதனால் இவளுடைய புருவம் கோபமாகிவிட்டது. கடும் வெளிச்சத்தில் கண்ணைக் காக்கப் புருவம் சுருங்கும் என்பதையும் டார்வின் அதே நூலில் எழுதியிருக்கிறார்.

அடுத்தது மூக்கு. அவளுடைய மூக்குத்தண்டின் இருபுறமும் இரண்டு சிறிய அழுத்தத் தடங்கள் தெரிகின்றன. அவள் வகுப்பில் கண்ணாடி அணிபவள். படத்தில் கண்ணாடி இல்லை. கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றினால் இமைகளை ஒடுக்கிப் பார்ப்பார்கள். சிறிய துவாரத்தினூடாகப் பார்ப்பதுபோல, ஒடுங்கிய இமைகளுக்கிடையே உருவம் கொஞ்சம் தெளிவாகும். கண் வைத்தியர்களுக்கு இது தினமும் காணும் காட்சி.

மூன்றாவது கை. “கையைப் பார், முட்டி பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள்” என்று கோபக் கட்சியினர் அதையும் சாட்சியாகக் காட்டியிருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தபோது விரல்களுக்கிடையே கண்ணாடிச் சட்டத்தின் ஒரு காம்பு தெரிந்தது. கழற்றிய கண்ணாடியைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

கையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பரிசோதனை நினைவுக்கு வருகிறது. 2012இல் ஹிலெல் அவியெசரும் இரு சக ஆய்வாளர்களும் செய்தது. முக்கியமான ஒரு புள்ளியை வென்ற, அல்லது தோற்ற கணத்தில் எடுக்கப்பட்ட தொழில்முறை ரென்னிஸ் வீரர்களின் படங்களைப் பயன்படுத்தினார்கள். சிலருக்கு முகத்தை மட்டும் வெட்டிக் காட்டினார்கள், சிலருக்கு உடம்பை மட்டும், சிலருக்கு முழுப்படத்தை. முகத்தை மட்டும் பார்த்தவர்களால் வென்றவரையும் தோற்றவரையும் பிரித்தறிய முடியவில்லை. உடம்பை மட்டும் பார்த்தவர்கள் அறிந்தார்கள். முழுப்படத்தைப் பார்த்தவர்களும் அறிந்தார்கள். வென்றவரின் முகத்தைத் தோற்றவரின் உடம்பில் ஒட்டிக் காட்டியபோது, அதே முகம் தோல்வியின் முகமாகத் தெரிந்தது. இருந்தும், முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம் என்றே பலர் நம்பினார்கள். எங்களுக்கும் இதுதான் நடந்தது. முட்டி பிடித்த கை முகத்தைக் கோபமாக்கியது. கோபமான முகம் கையை முட்டியாக்கியது. இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொண்டன.

இங்கே நான் ஒரு கெட்டிக்காரத் துப்பறிவாளர் போல, “ஆகவே அவளுக்குக் கோபமில்லை, வெயிலும் கண்ணாடியும்தான் காரணம்” என்று முடித்துவிடலாம். அப்படி முடித்தால் அதே பிழையை மறுபக்கமாகச் செய்தவள் ஆவேன். வெயில் புருவத்துக்கு ஒரு போதிய காரணம் மட்டுமே. வெயிலில் நிற்கும் ஒருவருக்குக் கவலையும் இருக்கலாம். இரண்டு காரணங்கள் ஒரே தசையை இழுத்தால், இழுத்தது எது என்று படம் பிரித்துக் காட்டாது.

பல வருடங்களுக்கு முன் நான் செய்த ஒரு பிழையைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலம். ஒரு வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு அறுபது வயது கடந்த ஓர் அம்மாவை மகள் கூட்டிக்கொண்டு வந்தார். பேரப்பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் படத்தையும் கொண்டு வந்திருந்தார். “பாருங்கோ டொக்டர், பிள்ளையை மடியில வச்சிருக்கிறா, ஒரு சந்தோசமும் இல்லை. எங்களில வெறுத்துப்போனா” என்று சொன்னார். படத்தைப் பார்த்தேன். எல்லோரும் சிரிக்க, அந்த அம்மாவின் முகம் மரத்தில் செதுக்கியது போல இருந்தது. மனச்சோர்வு என்று அப்போதே முடிவுகட்டி, குறிப்பிலும் அப்படியே எழுதினேன்.

எனக்கு மேலிருந்த வைத்தியர் அவரை நடக்கவிட்டுப் பார்த்தார். அடிகள் சிறிதாக இருந்தன, ஒரு கை ஆடவில்லை. கண் சிமிட்டுவதை எண்ணினார். சாதாரணமாக ஒரு நிமிடத்தில் பதினைந்து இருபது தடவை சிமிட்டும் கண், சில தடவைகளே சிமிட்டியது. மணிக்கட்டை அசைத்துப் பார்த்தபோது விறைப்பு இருந்தது. பாக்கின்சன் நோய். அந்த நோயில் முகத்தசைகள் செயலிழப்பதில்லை. ஆனால் மூளையின் உட்பகுதியில் டோபமின் குறைவதால், நினையாமலே தானாக வரும் அசைவுகள் அருகிப்போகின்றன. மனத்தில் மகிழ்ச்சி எழுந்தாலும் அது முகத்துக்கு வந்துசேர்வதில்லை. அந்த அம்மாவிடம் தனியாகக் கேட்டபோது, மெல்லிய குரலில் சொன்னார்: “பிள்ளையைத் தூக்கி வச்சிருக்கேக்க எனக்கு எவ்வளவு சந்தோசம். கை நடுங்கி விழுத்திப்போடுவனோ எண்டுதான் பயம்.”

படத்தில் ஒருவராலும் காண முடியாத இரண்டு உணர்ச்சிகள் அவை, மகிழ்ச்சியும் பயமும். இதற்குள் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாக்கின்சன் நோயாளர்களில் கணிசமானோருக்கு உண்மையாகவே மனச்சோர்வும் வருகிறது. ஆகவே, “இது நோயின் முகம்தான், உள்ளே சந்தோசமாகத்தான் இருப்பார்” என்று தைரியமாகச் சொல்வதும் பிழை. அந்த முகம் இரண்டுக்கும் ஒன்றுதான். கேட்டால்தான் தெரியும். நான் படத்தைப் பார்த்தேனேயொழிய அந்த அம்மாவைக் கேட்கவில்லை.

அதன் பிறகு, ஒருவர் ஒரு படத்தைக் காட்டி இவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டால், நான் ஒரே ஒழுங்கில்தான் போவேன். கண்டதைச் சொல்வேன். அதை உண்டாக்கக்கூடியவற்றில் உணர்ச்சி அல்லாதவற்றை முதலில் எண்ணுவேன்: வெளிச்சம், பார்வை, பல்வலி, நரம்பு நோய், சிரிக்கச் சொன்ன படப்பிடிப்பாளர். பக்கத்தில் நிற்பவர்களின் முகங்களோடு ஒப்பிடுவேன். அதே ஆளின் வேறு படங்கள் உண்டா என்று பார்ப்பேன். இவ்வளவுக்குப் பிறகும் என் வாக்கியம் ‘இருக்கலாம்’ என்றுதான் முடியும்.

வேறு படம் என்றதும், எங்கள் வகுப்புப் படத்துக்கும் ஒரு துணைப்படம் கிடைத்தது. பிலிமைச் சிக்கனமாகச் செலவழித்த காலம் அது, படப்பிடிப்பாளர் இரண்டே இரண்டு தடவைதான் எடுத்தார். இரண்டாவது படத்தின் பிரதி கனடாவில் இருக்கும் ஒரு தோழியின் அல்பத்தில் இருந்தது. ஒரு நிமிடம்கூட இடைவெளி இருந்திருக்காது. அதில் எங்கள் ‘கோபக்காரி’ பல் தெரியச் சிரிக்கிறாள். முதல் படத்தில் அழகாகச் சிரித்த நான், இரண்டாவதில் கண்ணை மூடி, வாயைக் கோணிக்கொண்டு, ஏதோ பெரும் துக்கத்தில் இருப்பவள் போல நிற்கிறேன். கமெரா திறந்து மூடுவது ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கு போன்ற சிறு நேரம். முகத்தில் ஓர் உணர்ச்சியின் கோலம் தோன்றி மறைய அதைப்போலப் பல மடங்கு நேரம் வேண்டும். ஆகவே படம் பிடிப்பது அசைவின் ஒரு வெட்டுமுகத்தை. தும்மலுக்கு முந்திய கணமும் அழுகைக்கு முந்திய கணமும் அதில் ஒரே மாதிரி இருக்கலாம். முதல் படம் பெருப்பிக்கப்பட்டு வகுப்பறையில் தொங்கியது. இரண்டாவது தொங்கியிருந்தால், இவ்வளவு காலமும் பேச்சு என்னைப் பற்றியதாக இருந்திருக்கும்.

கடைசியில், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நாங்கள் இருவரும் கதைத்ததே இல்லை. வெயில், கண்ணாடி, கைமுட்டி எல்லாவற்றையும் சொல்லி, “அண்டைக்கு உனக்கு என்ன மாதிரி இருந்தது?” என்று கேட்டேன்.

சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: “கண்ணாடியைக் கழட்டச் சொன்னது ஞாபகம். வெயில் எண்டதும் சரி. ஆனா அந்த நாட்களில அப்பாவிட்டை இருந்து கடிதம் வராமல் இருந்தது. அண்டைக்குக் காலமை அதை நினைச்சனோ, வேற நாளோ, இப்ப சொல்லத் தெரியேல்லை. நீ சொன்னதைக் கேட்ட பிறகு வெயில்தான் எண்டு படுகுது. அதுவும் நீ சொன்னதாலையோ தெரியாது.”

டார்வின் தன்னைப் பற்றி ஒப்புக்கொண்டதையே அவளும் சொன்னாள். என்னுடைய விளக்கம் அவளுடைய நினைவுக்குக் கீழும் எழுதப்பட்டுவிட்டது. அந்த முகத்துக்குச் சொந்தக்காரியிடமே இன்று உறுதியான விடை இல்லை. அன்றைக்குக் கேட்டிருந்தால் இருந்திருக்கும்.

கதைத்து முடிக்கும்போது, “நீங்கள் என்னைத் தலைக்கனம் எண்டு சொன்னது எனக்குத் தெரியும். அதாலைதான் நானும் ஒதுங்கி இருந்தனான்” என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தோம். அப்பாவின் கடிதம் பிறகு வந்ததா என்றும் கேட்டேன். வந்தது என்று சொன்னாள்.

சகோதரிகளே, இந்த மலரில் அந்தப் படம் வருகிறது. மலர்க்குழுவினர் அதன் கீழே பெயர்களையும் ஆண்டையும் மட்டும் போட்டிருக்கிறார்கள். நடு வரிசையில் வலப்பக்க ஓரத்தில் நிற்பவளைப் பார்த்து உங்களுக்கு ஏதாவது தோன்றும், தோன்றாமல் இருக்காது. அதன் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த பக்கங்களில் உங்கள் வகுப்புப் படங்களும் இருக்கின்றன. யாராவது ஒருவரின் முகத்தில் கண்கள் நின்றால், அவருடைய தொலைபேசி இலக்கத்தை இன்று மாலைக்குள் இந்த மண்டபத்திலேயே யாரிடமாவது வாங்கிக்கொள்ளலாம்.